பேரடுக்கின் மீதி

3-ஐ 1000 முறை தன்னோடு தானே பெருக்கினால் 478 இலக்கங்கள் கொண்ட எண் கிடைக்கும். அதை 19-ஆல் வகுத்தால் மீதி என்ன? அந்த நீண்ட எண்ணை எழுதிப் பார்க்காமலேயே, ஒரு துண்டுக் காகிதத்தில் இதற்கு விடை காணலாம். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதே இதற்குக் காரணம்.

பிரெஞ்சுக் கணிதர் பியேர் டி ஃபெர்மா 1640-ல் எழுதிய கடிதம் ஒன்றில் இந்த விதியைக் குறிப்பிட்டார், நிரூபணம் தரவில்லை. p ஒரு பகா எண், a அதனால் வகுபடாத எண் என்றால், a-இன் (p − 1) அடுக்கை p-ஆல் வகுக்கும்போது மீதி எப்போதும் 1. இதற்கு ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்று பெயர்.

இது ஏன் உண்மை என்பதை 19-ஐ வைத்தே பார்க்கலாம். 1 முதல் 18 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றையும் 3-ஆல் பெருக்கி, 19-ஆல் வகுத்து மீதிகளை எழுதினால் 3, 6, 9, 12, 15, 18, 2, 5 என்று வரிசை நீளும். எந்த மீதியும் இருமுறை வராது. இரண்டு எண்களுக்கு ஒரே மீதி வந்தால், அவற்றின் வித்தியாசத்தின் மூன்று மடங்கு 19-ஆல் வகுபட வேண்டும். 3-உம் வகுபடாது, 19-ஐவிடச் சிறிய வித்தியாசமும் வகுபடாது. 19 பகா எண் என்பதால் அவற்றின் பெருக்கலும் வகுபடாது. மீதி 0 வருவதும் இதே காரணத்தால் இயலாது. ஆகவே கிடைப்பவை அதே 18 எண்கள்தாம், வரிசை மட்டும் மாறியிருக்கும். இரு பட்டியல்களையும் தனித்தனியே பெருக்கினால் மீதி ஒன்றே. ஆனால் இரண்டாவது பட்டியலில் 3 என்பது 18 முறை கூடுதலாக இருக்கிறது. பொதுவான பெருக்கலை நீக்கிவிட்டால் 3¹⁸-இன் மீதி 1 என்றாகிறது.

இனிக் கணக்குக்கு வரலாம். 1000-ஐ 18-ஆல் வகுத்தால் ஈவு 55, மீதி 10. அதாவது 3¹⁰⁰⁰ என்பது 3¹⁸-ஐ 55 முறை பெருக்கி, அதோடு 3¹⁰-ஐயும் பெருக்கியது. முதல் பகுதியின் மீதி 1. எஞ்சுவது 3¹⁰ மட்டுமே. அதையும் படிப்படியாக வர்க்கமாக்கலாம்:

3² = 9
3⁴ → 9 × 9 = 81, மீதி 5
3⁸ → 5 × 5 = 25, மீதி 6
3¹⁰ → 6 × 9 = 54, மீதி 16

விடை 16. 3¹⁰-ஐ நேரடியாகக் கணக்கிட்டும் சரிபார்க்கலாம்: 59049 = 19 × 3107 + 16.

பலர் தவறுவது அடுக்கைக் குறைக்கும் இடத்தில். அடுக்கை 19-ஆல் வகுத்தால் மீதி 12. 3¹²-இன் மீதி 11 என்ற தவறான விடை வரும். அடிமானத்தை 19-ஆல் குறைக்கலாம், அடுக்கை 18-ஆல்தான் குறைக்க வேண்டும்.

வகுக்கும் எண் பகு எண்ணானால் இந்த விதியை நம்ப முடியாது. 15-ஐ எடுத்துக்கொண்டால் 2¹⁴-இன் மீதி 1 அல்ல, 4. அங்கே ஆய்லரின் பொதுவான தேற்றம் தேவை. அதன்படி, 15-உடன் பொதுக் காரணி இல்லாத, 15-க்குக் குறைவான எண்கள் எட்டு. எனவே 2⁸-இன் மீதி 1. 15-உடன் பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்துக்கும் அடுக்கை 8-ஆல் குறைக்கலாம்.