பள்ளியில் மாத்திரை போட்டும் இரவில் அரிப்பு ஏன்?

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 2015 முதல் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். உருளைப்புழு, கொக்கிப்புழு போன்ற மண்வழி வரும் புழுக்களுக்கு ஏற்றபடி அமைந்த திட்டம் அது. இரவு அரிப்பைத் தரும் கீரிப்பூச்சியின் போக்கு வேறு. அது மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றும். நாய், பூனை இதைப் பரப்புவதில்லை.

தாயில்பட்டியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டாம் வகுப்புப் பெண். பாட்டியோடு ஒரே பாயில் படுக்கும் அந்தப் பெண், தூங்கிய கொஞ்ச நேரத்தில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு புரளுகிறாள். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பெண் புழு குடலிலிருந்து வெளியே வந்து, அந்த மடிப்புத் தோலில் பத்தாயிரம் முட்டைவரை இட்டுவிட்டுச் செத்துப்போகிறது. சொறிந்தால் முட்டை நக இடுக்கில் ஏறும். விரல் வாய்க்குப் போகும். ஆறு மணி நேரத்துக்குள் முட்டை தொற்றத் தயாராகிவிடும். பாயிலும் துணியிலும் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும்.

மலப் பரிசோதனையில் பெரும்பாலும் எதுவும் தெரியாது, முட்டை வெளித்தோலில்தானே இருக்கிறது. காலையில் கழுவுவதற்கு முன், நிறமற்ற ஒட்டு டேப்பை அங்கே ஒற்றி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுத்தால் ஆய்வகத்தில் முட்டை தெரியும். அடுத்தடுத்து மூன்று நாள் எடுப்பது நல்லது. தூங்கிய சில மணி நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளை நூல்போல் நெளிவது கண்ணிலேயே படலாம். விரலிடுக்கிலும் அரிப்பிருந்தால் அது சிரங்காக இருக்கலாம்.

மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் முதல் மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. விழுங்கிய முட்டை முட்டையிடும் புழுவாக வளர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதற்குள் இரண்டாம் மாத்திரை இளம்புழுக்களைப் பிடித்துவிடும். பள்ளியில் கிடைத்தது ஒரே வேளை, பாட்டிக்கோ அதுவுமில்லை. அரிப்பே இல்லாத பெரியவர் உடம்பிலும் புழு இருக்கலாம். எனவே ஐவரும் ஒரே நாளில் போட வேண்டும். அல்பெண்டசோலின் வழக்கமான அளவு 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதி. கர்ப்பிணிகளும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

பட்டாசு ஆலை வண்டிக்கு விடியலில் ஓடும் அம்மா, பிள்ளையின் குளியலை மாலைக்குத் தள்ளுவது இயல்பு. இந்த இரண்டு வாரமும் குளியல் காலையிலேயே வேண்டும். இரவில் இட்ட முட்டைகள் அப்போதுதான் போகும். இரவு இறுக்கமான உள்ளாடை, ஒட்ட வெட்டிய நகம், சாப்பாட்டுக்கு முன் சோப்புக் கைகழுவல். மாத்திரை போட்ட மறுநாள் காலை போர்வை, துணிகளை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். உதறினால் முட்டை காற்றில் பறக்கும்.

இரண்டு சுற்றும் முடிந்து அரிப்பு தொடர்ந்தால், அல்லது பெண்பிள்ளைக்கு வெள்ளைப்படுதலோ சிறுநீர்க் கடுப்போ இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்.