பெரிய பொட்டலமும் சிறிய வாயிலும்

இணையத்தில் எந்தப் பெரிய செய்தியும் ஒரே தொகுதியாகப் பயணிப்பதில்லை. சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கிறது. ஓர் இணைப்பு ஏற்கும் பொட்டலத்தின் உச்ச அளவு ‘பெருமப் பரிமாற்ற அலகு’ எனப்படும். ஈத்தர்நெட் இணைப்பில் அது 1500 பைட்டுகள்.

பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு இணையும் அகலக்கற்றை இணைப்புகள் பலவற்றில் ‘பிபிபிஓஇ’ என்னும் நெறிமுறை செயற்படுகிறது. அது ஒவ்வொரு பொட்டலத்திற்கும் 8 பைட்டு உறை இடுகிறது. எனவே, உள்ளே வைக்கத்தக்க அளவு 1492 ஆகக் குறைகிறது.

இதனையறியாத விளையாட்டு வழங்கி, ‘பிரிக்கக் கூடாது’ என்னும் குறியுடன் 1500 பைட்டுப் பொட்டலத்தை அனுப்புகிறது. அதனை ஏற்க இயலாத இடைவழித் திசைவி, ‘அளவைக் குறைக்க’ என்று வழங்கிக்கு அறிவிக்க வேண்டும். வழியிலுள்ள பாதுகாப்பு அரண் அவ்வறிவிப்பைத் தடுத்துவிட்டால், வழங்கி அதே பொட்டலத்தையே மீண்டும் மீண்டும் அனுப்பும்; ஒன்றும் வந்து சேராது. நுழைவுப் பக்கத்தின் சிறு பொட்டலங்கள் தடையின்றிச் செல்லும். விளையாட்டுக் களத்தின் பெரிய தரவு வரத் தொடங்கியதும் இணைப்பு அறுபடும். இக்குறையின் அடையாளம் இதுவே.

இணைப்பின் உண்மை அளவை விண்டோஸ் கணினியில் இவ்வாறு அறியலாம்:

```
ping -f -l 1472 1.1.1.1
ping -f -l 1464 1.1.1.1
```

இவ்வெண்கள் உள்ளடக்கத்தை மட்டுமே குறிப்பன; தலைப்புகளுக்குரிய 28 பைட்டுகளையும் கூட்ட வேண்டும். முதற்கட்டளை 1500 பைட்டுகளையும், இரண்டாவது 1492 பைட்டுகளையும் சோதிக்கின்றன. முதலாவது தோற்று, இரண்டாவது மறுமொழி பெற்று, 1465 என மாற்றியதும் மீண்டும் தோற்றால், 1492 என்பதே உரிய அளவு. அதன்பின், நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் அவ்வளவைப் பதிய வேண்டும்:

```
netsh interface ipv4 set subinterface "Ethernet" mtu=1492 store=persistent
```

"Ethernet" என்னுமிடத்தில் அக்கணினியின் இணைப்புப் பெயர் அமைய வேண்டும். புதிய இணைப்பு தொடங்கும்போது, தன்னால் ஏற்கக்கூடிய உள்ளடக்க அளவைக் கணினி வழங்கிக்கு அறிவிக்கிறது. முன்பு 1460 என்றது, இனி 1452 என்னும். வழங்கியும் அதற்கேற்பவே அனுப்புவதால், இடைவழி அறிவிப்பு தடைபட்டாலும் தரவு வந்து சேர்கிறது.

இவ்வுடன்பாடு டிசிபி இணைப்புகளுக்கே பொருந்தும். யுடிபி வழியாக வழங்கி பெரிய பொட்டலங்களை அனுப்பினால், கணினியில் செய்த மாற்றம் அவற்றைக் குறைக்காது. சிறிய பொட்டலங்களும் தொலையுமாயின், காரணம் அளவன்று. கம்பியிலோ வைஃபையிலோ குறையைத் தேட வேண்டும். அளவைத் தேவைக்குமேல் குறைப்பதும் நன்றன்று. பொட்டலங்களின் எண்ணிக்கை பெருகி, தலைப்புகளே மிகுதியான இடத்தைக் கொள்ளும்.