கடவுச்சொல் கேட்காத கோப்பு: வணிக இணையதளப் பாதுகாப்பு

வணிக இணையதளம் ஒன்றுக்குள் அத்துமீறி நுழைபவர் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துத்தான் நுழைய வேண்டும் என்ற பொதுவான எண்ணம் தவறு என்பதை, 2020 செப்டம்பரில் ‘டபிள்யூபி ஃபைல் மேனேஜர்’ என்னும் பிளகினில் வெளிப்பட்ட ஓட்டை காட்டியது. பிளகின் என்பது வேர்ட்பிரஸ் போன்ற இணையதள மென்பொருளில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கப்படும் துணைநிரல். சர்வரில் உள்ள கோப்புகளை நிர்வாகப் பலகையிலிருந்தே கையாள உதவிய இந்தத் துணைநிரலை அப்போது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் பயன்படுத்தின. அதற்குள் சேர்க்கப்பட்டிருந்த ‘எல்ஃபைண்டர்’ என்ற திறமூல நிரலில், மாதிரிக்காக மட்டுமே தரப்பட்டு, இயங்காதபடி பெயரிடப்பட்டிருந்த கோப்பு ஒன்று connector.minimal.php என்று பெயர் மாற்றப்பட்டு இயங்கும் நிலைக்கு வந்திருந்தது. அந்தக் கோப்பு வேர்ட்பிரஸின் உள்நுழைவுச் சோதனை எதற்கும் உட்படாததால், அதன் முகவரியை அறிந்த எவரும் கடவுச்சொல் இன்றியே தம் கோப்பைச் சர்வரில் ஏற்றி அதை இயக்க முடிந்தது. 6.0 முதல் 6.8 வரையிலான பதிப்புகள் இதனால் பாதிக்கப்பட்டன. செப்டம்பர் 1 அன்று 6.9 பதிப்பு அதைச் சரிசெய்தது. ஆனால் தாக்குதல்கள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன.

இந்தத் தாக்குதலை எச்டிடிபிஎஸ் தடுத்திருக்க முடியாது. எச்டிடிபிஎஸ் என்பது பார்வையாளரின் உலாவிக்கும் சர்வருக்கும் இடையே செல்லும் தகவலை இடையில் இருப்பவர் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி மறையாக்கம் செய்யும் ஏற்பாடு. கடவுச்சொல்லும் வாடிக்கையாளரின் முகவரியும் வழியில் களவு போகாமல் இருக்க அது இன்றியமையாதது என்றாலும், சர்வருக்குள் இருக்கும் நிரலில் ஓட்டை இருந்தால் தாக்குபவரின் கோப்பும் அதே பாதுகாப்பான வழியில்தான் வந்து சேரும். பூட்டுச் சின்னத்தைக் கண்டவர்கள் தளமே நம்பத்தக்கது என்று பொருள்கொண்டதால்தான், குரோம் உலாவி 2023இல் அந்தச் சின்னத்தையே கைவிட்டது. எச்டிடிபிஎஸ் விஷயத்தில் நடைமுறையில் நேரும் கோளாறு பெரும்பாலும் சான்றிதழ் காலாவதியாவதுதான். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாக வழங்கிவரும் வழக்கமான சான்றிதழ் 90 நாள் மட்டுமே செல்லும். அதைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோனால், ஒரு நாள் காலையில் தளத்தைத் திறக்கும் வாடிக்கையாளர் எச்சரிக்கைப் பக்கத்தையே காண்பார். காலாவதியை நினைவூட்டும் மின்னஞ்சல்களை அந்த அமைப்பு 2025இல் நிறுத்திவிட்டதால், புதுப்பிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதைத் தள உரிமையாளரே கண்காணிக்க வேண்டியுள்ளது.

மேற்கண்ட ஓட்டையை உண்மையில் அடைத்தது புதுப்பிப்புதான். துணைநிரல்களைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பொத்தான் வேர்ட்பிரஸின் நிர்வாகப் பலகையில் 2020 ஆகஸ்டில், 5.5 பதிப்பில்தான், அதாவது இந்தத் தாக்குதலுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்புதான் இடம்பெற்றது; ஒவ்வொரு துணைநிரலுக்கும் உரிமையாளரே அதை இயக்க வேண்டும் என்பதால் அது பலரைச் சென்றடைந்திருக்க வாய்ப்பில்லை. துணைநிரலை முடக்கி வைத்தாலே போதும் என்று எண்ணுவதும் பிழை. முடக்கப்பட்ட துணைநிரலின் கோப்புகள் சர்வரிலேயே கிடப்பதால், நேரடியாக அழைக்கத்தக்க கோப்பு அப்போதும் இயங்கும். பயன்படாத துணைநிரலை அழிப்பதே தீர்வு. கோப்புகளைக் கையாளும் வசதி ஹோஸ்டிங் நிறுவனத்தின் பலகையிலேயே இருக்கும்போது, அதற்கெனத் தனித் துணைநிரல் வைத்திருப்பது தேவையற்ற ஆபத்து என்றே கருத வேண்டும். உருவாக்கியவர் கைவிட்டுவிட்ட துணைநிரலுக்குப் புதிய பதிப்பே வராததால், புதுப்பிக்குமாறு கேட்கும் அறிவிப்பும் தோன்றாது. அத்தகையவற்றை உரிமையாளர் தாமே தேடி நீக்க வேண்டும்.

திருத்தம் வருமுன்பே தாக்குதல் தொடங்கிவிடும்போது, காப்புப் பிரதி ஒன்றே மிஞ்சும் வழி. ஆயினும் அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். இணையவழி விற்பனை நடத்தும் ஒரு கடையின் தளத்தில் 1ஆம் தேதி அந்நியக் கோப்பு நுழைந்தது என்றும், வாடிக்கையாளர்கள் வேறு தளத்துக்குத் திருப்பப்படுவதை உரிமையாளர் 12ஆம் தேதிதான் அறிந்தார் என்றும் வைத்துக்கொள்வோம். நாள்தோறும் பிரதி எடுக்கப்பட்டிருந்தாலும் கடைசி 7 நாள் பிரதிகள் மட்டுமே வைக்கப்படுமானால், அவரிடம் எஞ்சியிருக்கும் அனைத்துப் பிரதிகளிலும் அந்தக் கோப்பு இருக்கும். பிரதிகள் அதே சர்வரிலேயே இருந்தால், தாக்குபவர் அவற்றை அழித்திருக்கவும் கூடும். ஆகவே நாள் பிரதிகளுடன் மாதம் ஒரு பிரதியையாவது, தளத்தின் கடவுச்சொற்களால் எட்ட முடியாத வேறிடத்தில், சில மாதங்கள் வைத்திருப்பது அவசியம். படங்களும் நிரல்களும் அடங்கிய கோப்புகளும், ஆர்டர்களும் வாடிக்கையாளர் விவரங்களும் அடங்கிய தரவுத்தளமும் தனித்தனியே இருப்பதால், இரண்டும் பிரதியில் உள்ளனவா என்பதை வேறொரு முகவரியில் மீட்டெடுத்துப் பார்த்தாலன்றி உறுதியாகச் சொல்ல இயலாது.

பாதிப்பு எந்த அளவு என்பதை அறிய, வேர்ட்பிரஸின் கட்டளைவழிக் கருவியும் சர்வரின் find கட்டளையும் உதவும்:

```
wp core verify-checksums
wp plugin verify-checksums --all
find wp-content/uploads -name "*.php"
wp user list --role=administrator
```

முதல் இரண்டும் தளத்தில் உள்ள கோப்புகளை வேர்ட்பிரஸ் வெளியிட்ட மூலக் கோப்புகளுடன் ஒப்பிட்டு, மாறியவற்றையும் புதிதாகச் சேர்ந்தவற்றையும் சொல்லும். ஆனால் விலைக்கு வாங்கிய துணைநிரல்களுக்கு அங்கே மூலப்பிரதி இல்லாததால் அவற்றை ஒப்பிட முடியாது. படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய கோப்புறையில் நிரல் கோப்பு இருக்கிறதா என்று மூன்றாவது தேடும். துணைநிரல்கள் சில அங்கே வெற்றுக் கோப்புகளை வைப்பதுண்டு என்பதால், கிடைத்ததைத் திறந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நான்காவது தரும் பட்டியலில் அறியாத பெயர் இருந்தால், அது தாக்குபவர் விட்டுச்சென்ற கணக்காக இருக்கக்கூடும்.

மீட்கும்போது வரிசை தவறக்கூடாது. 1ஆம் தேதிக்கு முந்தைய பிரதியை நேராகப் பொருத்தினால் இடைப்பட்ட நாள்களின் ஆர்டர்கள் அழிந்துவிடும் என்பதால், அவற்றை முதலில் தனியே ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். பழைய பிரதியில் பழைய ஓட்டையும் இருக்கும் என்பதால், பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்பே துணைநிரலை நீக்கவோ புதுப்பிக்கவோ வேண்டும். இல்லையெனில் தானியங்கி நிரல்கள் மீண்டும் அதே வழியில் நுழைந்துவிடும்.

கடைசியாகச் செய்ய வேண்டியது நிர்வாகி உரிமைகளைச் சீர்செய்வது. உள்ளே நுழைந்தவர் wp-config.php கோப்பைப் படித்திருப்பார் என்றே கொள்ள வேண்டும். அதில் தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருப்பதால் அதையும், நிர்வாகிகள் அனைவரின் கடவுச்சொற்களையும் மாற்றுவது கட்டாயம். அத்துடன் wp config shuffle-salts என்ற கட்டளையை இயக்கினால், உலாவிகளில் சேமிக்கப்பட்டுள்ள உள்நுழைவு அடையாளங்கள் யாவும் செல்லாமல் போய், திருடப்பட்ட அடையாளமும் பயனற்றதாகும். ஒரே நிர்வாகிக் கணக்கைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்தி, ஆளுக்கொரு கணக்கும் அவரவர் பணிக்கேற்ற உரிமையும் தருவது நல்லது; விலைப்பட்டியலை மட்டும் மாற்றுபவருக்குத் துணைநிரல் நிறுவும் உரிமை தேவையில்லை. நிர்வாகிகளுக்கு, கடவுச்சொல்லுடன் கைப்பேசிச் செயலி காட்டும், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை அமைக்க வேண்டும். இதே சரிபார்ப்பு ஹோஸ்டிங் கணக்குக்கும், தளத்தின் பெயரைப் பதிந்த கணக்குக்கும், இவற்றின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு வந்துசேரும் மின்னஞ்சலுக்கும் இருந்தாக வேண்டும். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரின் சொந்த மின்னஞ்சலில் இந்தக் கணக்குகள் பதியப்பட்டிருந்தால், அவற்றை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றும் வரை உரிமையாளரின் தளம் வேறொருவர் கையில்தான் இருக்கிறது.