ஆட்டோ சங்கர் வழக்கைக் கையில் எடுத்தால்: கேஸ் கமென்ட் எழுதும் முறை

சட்டக் கல்லூரி மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளில் கேஸ் கமென்ட் முக்கியமானது. ஒரு தீர்ப்பைக் கொடுத்து, ஆயிரத்து ஐந்நூறு வார்த்தைக்குள் அதை ஆராய்ந்து எழுதச் சொல்வார்கள். வந்து சேரும் தாள்களில் பல ஒரே மாதிரி இருக்கும். மூன்று பக்கத்துக்கு வழக்கின் கதை, ஒரு பக்கத்துக்கு நீதிமன்றம் சொன்னது, கடைசியில் தீர்ப்பு வரவேற்கத்தக்கது என்று ஒரு வரி. இது தீர்ப்பின் சுருக்கம்தான். நீதிமன்றம் எதைத் தீர்மானித்தது, அதற்குச் சொன்ன காரணம் அந்த முடிவைத் தாங்குகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொன்னால்தான் அது கேஸ் கமென்ட் ஆகும்.

இதை ஓர் உண்மையான வழக்கை வைத்துப் பார்ப்பதே நல்லது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கை எடுத்துக்கொள்வோம். 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி. சென் ஆகியோர் வழங்கிய தீர்ப்பு. மாணவர்கள் இதை 'ஆட்டோ சங்கர் கேஸ்' என்பார்கள்.

ஆறு கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர் ஆட்டோ சங்கர். அவர் தன் சுயசரிதையை எழுதினார், அதில் அவரோடு தொடர்பு வைத்திருந்த ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். உள்ளிட்ட அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன, அதைத் தொடராக வெளியிடப்போகிறோம் என்றது நக்கீரன் வார இதழ். சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூனில் இதழுக்குக் கடிதம் எழுதினார். அப்படி ஒரு சுயசரிதையே எழுதப்படவில்லை, வெளியிட்டால் சட்ட நடவடிக்கை வரும் என்பது கடிதத்தின் சாரம். இதழின் ஆசிரியர் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார்.

வழக்கின் விவரத்துக்கு இவ்வளவு போதும். கொலைகள் எப்படி நடந்தன, யார் பிடித்தார்கள் என்று எழுதத் தொடங்கினால் தாள் அங்கேயே திசைமாறிவிடும். ஒரு விவரத்தைச் சேர்க்கலாமா என்பதற்குச் சுலபமான சோதனை உண்டு: அது வேறு மாதிரி இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா? கொலைகளின் எண்ணிக்கை மாறினாலும் இந்தத் தீர்ப்பு மாறாது. ஆனால் ஆட்டோ சங்கரோ அவர் மனைவியோ இந்த வழக்கில் கட்சிக்காரர்களாகச் சேர்க்கப்படவில்லை என்ற விவரம் அப்படிப்பட்டதல்ல. பல மாணவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீதிபதிகள் தாண்டவில்லை. சம்பந்தப்பட்டவரே முன்னால் இல்லாததால் அவர் எழுதினாரா இல்லையா என்று விசாரிக்க முடியாது, அவர் எழுதவும் இல்லை, வெளியிட அனுமதி தரவும் இல்லை என்று வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்கிறோம் என்றார்கள். தீர்ப்பு முழுவதும் இந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது.

அடுத்தது எழுவினா. இந்தத் தீர்ப்பில் நீதிமன்றமே மூன்றை வகுத்துக்கொண்டது. ஒருவர் தன் அனுமதியில்லாமல் தன் வாழ்க்கைக் கதையை இன்னொருவர் எழுதுவதைத் தடுக்க முடியுமா? அரசு தன்னை அவதூறு செய்ததாக வழக்குப் போட முடியுமா, வெளியிடும் முன்பே தடுக்க முடியுமா? கைதியின் சார்பில் சிறை அதிகாரிகள் வந்து தடுக்க முடியுமா? இவற்றை அப்படியே எழுதி, மூன்றுக்கும் பதில் எழுதி முடித்தால் அது பாடக்குறிப்பு. உங்கள் வாதத்துக்கு எது மையம் என்று பார்த்து, அதற்கு மட்டும் இடம் கொடுங்கள். மற்றவை ஒரு வரியில் போகட்டும்.

நீதிமன்றம் சொன்ன பதில் என்ன? அந்தரங்க உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையிலேயே அடங்கியிருக்கிறது. நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொதுப் பதிவேடுகளில் இருப்பதை, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமலும் வெளியிடலாம். பதிவேட்டைத் தாண்டினால் அந்தரங்கத்தை மீறியதாகலாம், அதன் விளைவை இதழ் சந்திக்க வேண்டும். வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் எதுவும் இல்லை. வழக்குப் போட அவர்களுக்கு ஏதாவது உரிமை இருந்தால், அது வெளியான பிறகுதான்.

மிக அதிகமாக நடக்கும் தவறு இங்கேதான் வருகிறது. சுயசரிதையை வெளியிட நீதிமன்றம் அனுமதித்தது என்று எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு வரி தீர்ப்பில் இல்லை. பொதுப் பதிவேட்டில் உள்ள அளவுக்கு வாழ்க்கைக் கதையை வெளியிடலாம் என்பதே முடிவு. இந்தப் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் ஹெட்நோட். தீர்ப்புத் தொகுப்பின் மேலே இருக்கும் அந்தச் சுருக்கத்தை எழுதுவது தொகுப்பின் பதிப்பாசிரியர்கள். அது தீர்ப்பின் பகுதியல்ல. அதைப் படித்து எழுதிய தாளை ஆசிரியர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் அதில் 'அளவுக்கு', 'எனினும்', 'வைத்துக்கொண்டு' போன்ற சொற்கள் இருக்காது. நீதிபதியின் முடிவு நிற்பது அந்தச் சொற்களில்தான். வக்கீல் வைத்த வாதத்தை நீதிமன்றத்தின் கருத்தாக எடுத்தெழுதுவதும் இதே வகைத் தவறு. எடுத்தெழுதும் ஒவ்வொரு பத்தியையும் யார் பேசுகிறார்கள் என்று மேலே போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

விமர்சனப் பகுதிக்குத் தாளில் பாதியாவது ஒதுக்குங்கள். தீர்ப்பு சரி என்றோ தவறு என்றோ மொத்தமாகத் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் போதும். இந்த வழக்கில் எனக்குத் தெரிந்து இரண்டு நல்ல கண்ணிகள் இருக்கின்றன.

முதலாவது, எது தீர்ப்பின் ஆதாரக் காரணம், எது போகிற போக்கில் சொன்ன கருத்து என்பது. வகுப்பில் ரேஷியோ, ஒபிட்டர் என்போம். வழக்கை முடிக்க அவசியமான காரணம் ரேஷியோ, அதுதான் பின்னால் வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். இந்தத் தீர்ப்பு ஒரு நீண்ட விதித் தொகுப்பைத் தருகிறது. அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்பது அதில் ஒன்று. பொது அதிகாரியின் பணி பற்றி எழுதியதில் தவறு இருந்தாலும், நியாயமான அளவு சரிபார்த்துவிட்டு எழுதியிருந்தால் போதும் என்பது இன்னொன்று. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு சல்லிவன் தீர்ப்பும் இங்கிலாந்தின் 1993ஆம் ஆண்டு டெர்பிஷயர் தீர்ப்பும் இவற்றுக்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் நீதிமன்றத்தின் முன் நஷ்டஈட்டு வழக்கு எதுவும் இல்லை. எதுவுமே இன்னும் அச்சாகவில்லை என்ற நிலையில், தடுக்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. அப்படியானால் நஷ்டஈடு பற்றிய விதிகள் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது என்று ஒருவர் வாதாடலாம். நீதிமன்றமே அதை எழுவினாவாக வகுத்துப் பதில் சொல்லியிருக்கிறது, எனவே கட்டுப்படுத்தும் என்று இன்னொருவர் வாதாடலாம். இவை விரிவான கோட்பாடுகள் மட்டுமே, முழுமையானவை அல்ல என்று நீதிபதிகளே சொல்லிவைத்ததையும் சேர்த்து நிறுத்தினால் வாதம் கூர்மையாகும்.

இரண்டாவது, முன்தீர்ப்புகள். அந்தரங்கம் பற்றிப் பேசிய முதல் தீர்ப்பு என்று கரக் சிங் வழக்கைச் சுட்டி, அங்கிருந்து 1975இன் கோவிந்த் வழக்குக்கு வருகிறது இந்தத் தீர்ப்பு. அதற்கும் முன்பே, 1954இல், எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் அமர்ந்து, சோதனை, பறிமுதல் விஷயத்தில் அப்படி ஓர் அடிப்படை உரிமையைப் படித்தெடுக்க மறுத்திருந்தார்கள். கரக் சிங் வழக்கிலேயே ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையினர், அந்தரங்கம் உறுதி செய்யப்பட்ட உரிமையல்ல என்றார்கள். இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரிய அமர்வுகளை மீறிப் போக முடியாது. அப்படியிருக்க, 21ஆம் பிரிவிலேயே அந்த உரிமை இருக்கிறது என்று 1994இல் இவ்வளவு உறுதியாகச் சொன்னது எந்த வலுவில்? முடிவு உங்களுக்குப் பிடித்திருக்கலாம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே போன பாதையில் ஒரு படி இல்லை என்று காட்டுவதுதான் விமர்சனம்.

அந்தப் படி 2017இல் கிடைத்தது. புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறிவித்து, அந்தப் பழைய தீர்ப்புகள் இரண்டையும் அந்த அளவுக்கு நிராகரித்தார்கள். இதைத் தாளில் கட்டாயம் சொல்ல வேண்டும். தீர்ப்பின் பின்வாழ்க்கை தெரியாமல் எழுதிய விமர்சனம் செல்லாது. ஆனால் கவனம் வேண்டும். 2017இல் சொன்னதை வைத்து 1994 தீர்ப்பு அன்றைக்கே சரியாகிவிட்டது என்று எழுதுவது பின்புத்தி. அன்று நீதிபதிகள் முன் இருந்த சட்டத்தை வைத்து அன்றைய காரணத்தை எடைபோடுங்கள், பிறகு வந்ததைத் தனிப் பத்தியில் வையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு உங்கள் வாதம் ஒரு வாக்கியத்தில் வந்துவிடும். உதாரணமாக: முன்தடை கூடாது என்ற பகுதியில் ராஜகோபால் தீர்ப்பு உறுதியாக நிற்கிறது, அந்தரங்க உரிமையை நிறுவிய பகுதியில் அது 2017 வரை பலவீனமான தரையில் நின்றது. இதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கடைசிப் பத்தியில் திறந்துகாட்டும் ரகசியமாக வைக்காதீர்கள். மறுத்துச் சொல்ல இன்னொரு மாணவருக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 'இத்தீர்ப்பு பத்திரிகைச் சுதந்திரத்துக்கு மைல்கல்' என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை, அதனாலேயே அது வாதம் ஆகாது.

எழுதும் வரிசையும் படிக்கும் வரிசையும் வேறு. விமர்சனத்தை முதலில் எழுதுங்கள், அதற்குத் தேவைப்பட்ட விவரங்களை மட்டும் பிறகு மேலே சேருங்கள், அறிமுகப் பத்தி கடைசியில். வழக்கின் கதை அப்போது தானாகவே பத்து வரிக்குள் அடங்கும். தாளைக் கொடுக்கும் முன் தீர்ப்பின் மூலத்தைத் திரும்பத் திறந்து, நீதிமன்றம் இப்படிச் சொன்னது என்று நீங்கள் எழுதிய ஒவ்வொரு இடத்துக்கும் பத்தி எண்ணைத் தேடுங்கள். எண் கிடைக்காத வரியை அடித்துவிடுங்கள்.