மூத்தது பொறுப்பு, கடைக்குட்டி செல்லம்?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிச் சாமான் வாங்க வரும் குடும்பங்களைப் பாருங்கள். படிவம் இரண்டு படிக்கும் அக்கா பைகளைச் சுமப்பாள். மூன்றாம் ஆண்டுத் தம்பி முறுக்குக்கு அடம் பிடிப்பான். "மூத்தது எப்போதும் பொறுப்புதான்" என்பார் பாட்டி.

பாட்டி ஒப்பிடுவது பதினான்கு வயதையும் ஒன்பது வயதையும். அக்காவும் ஒன்பது வயதில் அடம் பிடித்திருப்பாள். அது யாருக்கும் நினைவில் இல்லை. தம்பி பதினான்கை எட்டும்போது அவளுக்குப் பத்தொன்பது. இடைவெளி மாறாததால் நம்பிக்கையும் உடைவதில்லை.

வயதின் பாதிப்பைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? 2015-இல் உளவியலாளர் ஜூலியா ரோரரும் சகாக்களும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்தனர். கலகலப்பு, பொறுப்புணர்வு, இணக்கம், மன நிதானம் எதிலும் பிறப்பு வரிசையின் தடம் தெரியவில்லை. நுண்ணறிவுச் சோதனையில் மட்டும் ஒவ்வொரு அடுத்த பிள்ளைக்கும் சராசரியாக ஒன்றரைப் புள்ளி குறைந்தது. அது அற்பம், எத்தனையோ வீடுகளில் இளையவரே முந்துகிறார். நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்விலும் குணத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை.

ஆனால் அக்கா வீட்டில் அதிகாரம் செய்வது பொய்யல்ல. அங்கே அவள் பெரியவள். பள்ளியில் தன் வயதுத் தோழிகளிடம் அந்த அதிகாரம் செல்லாது. அவள் குணத்தை அறிய வேண்டுமானால் அவள் டியூஷன் வகுப்பில் கேளுங்கள், பாட்டியிடம் அல்ல.