காதில் விழும் தள்ளுபடி: 30 விநாடி வானொலி விளம்பரமும் வாங்குபவரின் உரிமையும்

மரச்சாமான் கடைகளின் ஆண்டு இறுதி விற்பனைக்கு எஃப்.எம். வானொலியில் வரும் விளம்பரம் பெரும்பாலும் 30 விநாடிதான். நிதானமாகப் பேசினால் அதற்குள் 50 முதல் 60 தமிழ்ச் சொற்கள் அடங்கும். பின்னணி இசைக்கும் கடைப் பெயரைத் திரும்பச் சொல்வதற்கும் இடம் விட்டால் இன்னும் குறையும். நாளிதழ் விளம்பரத்தை மறுபடி படிக்கலாம், கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். வானொலி விளம்பரத்தைக் கேட்பவர் அடுப்பின் முன்போ வண்டியிலோ இருக்கிறார். எண் ஒன்று மனதில் நிற்கிறது. அதைச் சுற்றி வந்த சொற்கள் போய்விடுகின்றன. எழுத்துப் பிரதியில் குற்றமில்லாத வாசகம் காதுக்கு வரும்போது பொய்யாக மாறுவது இப்படித்தான்.

இத்தகைய விளம்பரம் ஒன்று எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரியாக எழுதிய பிரதி இது:

“வருஷக் கடைசி... வெலையும் கடைசி! நம்ம கடையில எல்லா ஃபர்னிச்சருக்கும் எழுபது சதவீதம் வரைக்கும் தள்ளுபடி! தேக்கு ஃபினிஷ் டபுள் காட் வெறும் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது! சோபா வாங்கினா டீப்பாய் இலவசம்! மூணே நாள்! நிபந்தனைகளுக்குட்பட்டது.”

முதல் சிக்கல் ‘வரைக்கும்’. தமிழில் இந்தச் சொல் எண்ணுக்குப் பின்னால் வருகிறது. ‘எழுபது சதவீதம்’ என்று கேட்டதுமே காது கணக்கை முடித்துவிடுகிறது. பின்னால் தாழ்ந்த குரலில் வரும் ‘வரைக்கும்’ பதிவதில்லை. கடையில் ஒரே ஒரு செருப்பு அலமாரிக்கு 70 சதவீதமும் மற்றவற்றுக்கு 10 சதவீதமும் கொடுத்துவிட்டு, சொன்னது பொய்யில்லை என்று கடைக்காரர் வாதாடலாம். ஆனால் அந்தப் பிரதி ‘எல்லா ஃபர்னிச்சருக்கும்’ என்றும் சேர்த்தே சொல்கிறது. கேட்பவர் மனதில் உருவாகும் பொருள் ஒன்றுதான்: எதை வாங்கினாலும் ஏறக்குறைய 70 சதவீதம் குறையும்.

அடுத்தது ‘தேக்கு ஃபினிஷ்’. மேலே தேக்கு நிறமும் ரேகையும் இருக்கின்றன என்பதற்கு மேல் இதற்குப் பொருளில்லை. உள்ளே ரப்பர் மரமாக இருக்கலாம், மரத்தூளைப் பசையுடன் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாகவும் இருக்கலாம். இரண்டும் விற்கத் தகாத பொருள்கள் அல்ல. ரப்பர் மரக் கட்டில் ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே உழைக்கும். தேக்கு என்று நம்பவைத்து விற்பதுதான் தவறு. கடையில் இதைக் கண்டுபிடிக்க, கட்டிலின் அடிப்பக்கத்தையும் இழுப்பறையின் பின்பலகையையும் பார்க்க வேண்டும். உண்மையான மரமென்றால் ரேகை பலகையின் விளிம்பைத் தாண்டி வெட்டுமுகம் வரை தொடரும். விளிம்பில் பட்டை ஒட்டியிருந்தாலோ ஆணித் துளையில் தூள் உதிர்ந்தாலோ அது அசல் மரமில்லை.

‘ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது’ என்று சொல்லவே மூன்று விநாடி போகிறது. அந்த நேரத்தில் வரி சேர்த்தா, தனியா என்று சொல்லிவிடலாம். சொல்லாததால், பில் போடும்போது ஜி.எஸ்.டி. தனி என்று தெரியவருகிறது.

‘நிபந்தனைகளுக்குட்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லை மூச்சுவிடாமல் ஓட்டுவது பழைய வழக்கம். இதற்கு இப்போது நேரடியான விதி இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, விளம்பரம் என்பதை வரையறுக்கும்போது ஒலியையும் சேர்த்தே சொல்கிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அச்சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான். அதன்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், விளம்பரத்தின் மொழியிலேயே மறுப்புரையும் இருக்க வேண்டும் என்கின்றன. வாக்குறுதி குரலில் வந்தால், மறுப்புரையும் அதே வேகத்தில் வர வேண்டும். மறுப்புரை விளம்பரத்தின் வாக்குறுதிக்கு முரணாக இருக்கவும் கூடாது. அந்த நெறிமுறைகளில் ‘இலவசம்’ பற்றியும் இருக்கிறது: டீப்பாயின் விலையை சோபா விலையில் ஏற்றிவிட்டு இலவசம் என்று சொல்லக் கூடாது.

தூண்டில் விளம்பரத்துக்கும் தனிப் பகுதி உண்டு. மரச்சாமான் விற்பனையில் அதிகம் நடப்பது இது என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். மேலே சொன்ன விளம்பரத்தைக் கேட்டு முதல் நாள் காலையிலேயே ஒரு குடும்பம் கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். “அந்தக் கட்டில் தீர்ந்துபோச்சுங்க சார், இதப் பாருங்க” என்று 24,000 ரூபாய்க் கட்டிலைக் காட்டுகிறார் விற்பனையாளர். கடையில் 9,999 ரூபாய்க் கட்டில் இரண்டே இரண்டுதான் இருந்தன. ஊர் முழுக்கக் கேட்கும் வானொலியில் விளம்பரம் செய்தால் எத்தனை பேர் வருவார்கள் என்பது கடைக்குத் தெரியாததல்ல. எதிர்பார்க்கக்கூடிய தேவைக்கு ஏற்ற இருப்பு வேண்டும்; இருப்பு குறைவென்றால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்பது விதி. 24,000 ரூபாய்க் கட்டிலில் 48,000 என்று அடித்துவிட்டுப் பாதி விலை என்று எழுதியிருந்தால் அது வேறொரு தவறு. வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி மக்களைத் தவறாக நம்பவைப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சட்டம் சொல்கிறது.

30 விநாடியில் உண்மையைச் சொல்ல இடமில்லை என்ற சமாதானம் நிற்காது. இதோ அதே நேரத்துக்குள் அடங்கும் பிரதி:

“வருஷக் கடைசி விற்பனை. கட்டில், சோபா, ரெண்டுக்கும் இருபது சதவீதம் தள்ளுபடி. மத்த சாமானுக்குப் பத்து. ரப்பர் மரத்துல செஞ்ச டபுள் காட், தேக்கு நிறத்துல, வரியோட சேர்த்துப் பதினெட்டாயிரம். இந்த வெலைக்கு நாப்பது கட்டில்தான் இருக்கு. வீட்டுக்குக் கொண்டுவர வண்டிக் கூலி தனி. டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும். நம்ம கடை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல.”

எழுதும்போதே உரக்கப் படித்து, எந்தச் சொல் காதில் விழவில்லை என்று பார்த்துத் திருத்தினால் போதும்.

ஏமாந்தவருக்குச் சான்றுதான் பெரிய தடை. விளம்பரம் காற்றோடு போய்விட்டது என்று விட்டுவிட வேண்டியதில்லை. ஒரே விளம்பரம் நாளுக்குப் பல முறை வரும். அடுத்த முறை வரும்போது கைபேசியில் பதிவு செய்யலாம். நிலையத்தின் பெயர், நாள், நேரம் மூன்றையும் குறித்துவைக்க வேண்டும். ஒலித்த நேரங்களின் கணக்கை வைத்தே நிலையம் கட்டணம் வாங்குவதால், அந்த விவரம் அதன் பதிவேட்டிலும் இருக்கும். வாங்கும்போது மரத்தின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். ‘தேக்கு’ என்று வாயால் சொன்னவர் பில்லில் எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறையே. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அச்சு வாசகம் இந்த உரிமையைப் பறிக்காது.

தீர்வு தேடுபவர் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அவர்கள் புகாரைக் கடைக்கு அனுப்பிச் சமரசம் பேசுவார்கள். உத்தரவிட அவர்களுக்கு அதிகாரமில்லை. விளம்பரமே பொய் என்றால் மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய ஆணையத்திடமோ எழுத்தில் புகார் கொடுக்கலாம். விளம்பரத்தை நிறுத்தவும், முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் ஆணையத்தால் முடியும். தண்டத்தால் வாங்கியவருக்குப் பணம் திரும்பாது. பணமும் இழப்பீடும் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். கடை எந்த ஊரில் இருந்தாலும் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.