மீதி 12-க்குப் பதில் 13 வந்தது ஏன்?

நோட்டுப் புத்தகம் 26 ரூபாய், பென்சில் 5, ரப்பர் 7. கடையில் 50 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? இரண்டாம் வகுப்புக் குழந்தை கூட்டுத்தொகையை 38 என்று சரியாகப் போட்டுவிட்டது. மீதிக்கு மூன்று ஒரு ரூபாய் வட்டங்களும் ஒரு பத்து ரூபாய்த் தாளும் வரைந்து, 13 என்று எழுதியிருக்கிறது.

படம் இல்லாமல் விடை மட்டும் இருந்தால் கழித்தலில் தவறு என்று நினைத்திருப்போம். வட்டங்களைப் பார்த்தால்தான் காரணம் புரிகிறது. "38, 39, 40" என்று சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காசு வரைந்திருக்கிறது. 38 ஏற்கெனவே செலவான பணம். அதற்குக் காசு கிடையாது. 39-க்கு ஒன்று, 40-க்கு ஒன்று, பிறகு ஒரே தாவலில் 50. ஆக 12. கடைக்காரர்கள் சிலரும் இப்படி மேல்நோக்கி எண்ணி மீதி தருவார்கள்.

சரிபார்க்க, மீதியைக் கூட்டுத்தொகையோடு சேர்க்க வேண்டும்: 38+13=51. கொடுத்ததோ 50. ஆனால் கூட்டுத்தொகையே 39 என்று பிசகி, மீதி 11 என வந்திருந்தால் இந்தச் சோதனை 50 என்றே காட்டும். அதனால் நான் முதலில் மூன்று விலைகளையும் கீழிருந்து மேலாக மறுபடி கூட்டிப் பார்ப்பேன்.